அரைக் கிலோ காப்பித்தூள் பாக்கெட் இனி 400 கிராம்: கிராமுக்கு 6 பைசா விலை உயர்கிறது

நம் கடை வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

2025 செப்டம்பர் 1 முதல் நம் கடையின் 500 கிராம் காப்பித்தூள் பாக்கெட் நிறுத்தப்படுகிறது. அதற்குப் பதிலாக 400 கிராம் பாக்கெட் வருகிறது. பழைய பாக்கெட் 370 ரூபாய், புதியது 320 ரூபாய். கையில் கொடுக்கும் பணம் 50 ரூபாய் குறைவதால் விலை இறங்கிவிட்டதாகத் தோன்றக்கூடும். உண்மை அதுவல்ல. கிராமுக்கு 74 பைசாவாக இருந்த விலை 80 பைசாவாகிறது. கிலோவுக்குக் கணக்கிட்டால் 740 ரூபாய் 800 ஆகிறது. அதாவது சுமார் 8 சதவீத உயர்வு. இதை நாங்களே முதலில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த அறிவிப்பு.

மற்ற விலைகளும் கிராமுக்கு அதே 6 பைசா கூடுகின்றன:

200 கிராம் பாக்கெட்: 150 ரூபாயிலிருந்து 162 ரூபாய் (கிராமுக்கு 81 பைசா)
கடையில் எடை போட்டு வாங்கும் தூள்: கிலோ 720 ரூபாயிலிருந்து 780 ரூபாய் (கிராமுக்கு 78 பைசா)

எல்லா விலையிலும் ஜி.எஸ்.டி. அடக்கம். கலவை மாறவில்லை. காப்பி 80, சிக்கரி 20 என்பது அப்படியே இருக்கும். சிக்கரியைக் கூட்டினால் விலையைப் பழையபடி வைத்திருக்கலாம். ஆனால் டிகாக்ஷனின் நிறம்தான் கூடும், மணம் போய்விடும். அதற்கு எங்களுக்கு மனம் வரவில்லை.

வீட்டுக் கணக்காகப் பார்ப்போம். ஒரு டம்ளர் காப்பிக்கு 10 கிராம் தூள் என்று வைத்துக்கொண்டால், பாக்கெட் தூளுக்கு இதுவரை 7 ரூபாய் 40 பைசா ஆனது, இனி 8 ரூபாய் ஆகும். காலையும் மாலையும் காப்பி குடிக்கும் இருவர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு 40 கிராம் செலவாகிறது. 400 கிராம் பாக்கெட் சரியாகப் பத்து நாள் வரும், மாதத்துக்கு மூன்று பாக்கெட். அந்த 1,200 கிராமுக்குப் பழைய விலையில் 888 ரூபாய், புதிய விலையில் 960 ரூபாய். மாதம் 72 ரூபாய் கூடுதல். மாதச் சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இது சிறிய தொகை இல்லை என்பதை அறிவோம்.

விலை ஏறக் காரணம் பச்சைக் கொட்டை. 2024-இல் பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி. அரபிகாவில் பிரேசிலும் ரொபஸ்டாவில் வியட்நாமும்தான் உலகிலேயே பெரிய உற்பத்தியாளர்கள். 2025 பிப்ரவரியில் அரபிகா விலை உலகச் சந்தையில் அதுவரை காணாத உச்சத்துக்குப் போனது. நாம் வாங்குவது சிக்கமகளூரு, குடகுக் கொட்டைதான் என்றாலும், இந்தியக் காப்பியில் பெரும்பகுதி ஏற்றுமதியாவதால் உள்ளூர் விலையும் உலக விலையோடு சேர்ந்தே ஏறுகிறது. சில மாதங்கள் தாங்கிப் பார்த்தோம். இனி முடியவில்லை.

அப்படியானால் எடையை ஏன் மாற்ற வேண்டும்? 500 கிராமாகவே வைத்திருந்தால் பாக்கெட் 400 ரூபாய் ஆகியிருக்கும். ஒரே தடவையில் அவ்வளவு கொடுப்பது சிரமம் என்று பலர் சொன்னார்கள். பிரித்த தூள் பத்து நாளுக்குள் தீர்ந்தால் மணமும் குறையாது. விலையை 370 ரூபாயிலேயே வைத்துக்கொண்டு எடையை மட்டும் 460 கிராமாக்கினால் யார் கவனிக்கப் போகிறார்கள் என்ற யோசனையும் வந்தது. அதை மறுத்துவிட்டோம். பாக்கெட்டைக் கையில் எடுக்கும்போதே வித்தியாசம் தெரிய வேண்டும். அதனால் புதிய உறை உயரம் குறைந்தது, பச்சைக் கோட்டுக்குப் பதில் பழுப்புக் கோடு போட்டது.

முன்பு காப்பித்தூளை இன்னின்ன எடைகளில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று விதி இருந்தது. இப்போது அது இல்லை, எந்த எடையிலும் போடலாம். ஆகவே எங்கு வாங்கினாலும் பாக்கெட் விலையை மட்டும் பார்க்காமல், அதன் அருகே அச்சிட்டிருக்கும் ஒரு கிராம் விலையையும் பாருங்கள். எங்கள் உறையில் அதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம்.

அரைக் கிலோவே வேண்டும் என்பவர்கள் கடைக்கு வந்து எடை போட்டு வாங்கலாம், 390 ரூபாய். உறைச் செலவு இல்லாததால் புதிய விலைகளில் அதுவே மலிவு. டப்பா கொண்டுவந்தால் கண்முன் அரைத்துத் தருகிறோம். இருப்பில் உள்ள 500 கிராம் பாக்கெட்டுகள் தீரும்வரை பழைய 370 ரூபாய்க்கே கிடைக்கும்.

தொலைபேசியில் மாதாமாதம் ‘இரண்டு பாக்கெட்’ என்று சொல்லிவைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்பு அது ஒரு கிலோ, இனி 800 கிராம்தான். எத்தனை கிராம் வேண்டும் என்று சொல்லுங்கள். சொல்ல மறந்தாலும் நாங்களே கேட்டுவிட்டுத்தான் அனுப்புவோம்.

கடை உரிமையாளர்
கும்பகோணம்