நுரையே நுரையே பொங்கிவா: முதல் வகுப்புக்கான கை கழுவும் பாடம்

ஆசிரியருக்கு

மதிய உணவு மணி அடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு இந்தப் பாடத்தை வகுப்பறையில் தொடங்கிக் குழாயடியில் முடிக்க வேண்டும். ஒரு பிள்ளையின் கைகளில் சில துளித் தேங்காய் எண்ணெயும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளும் தடவி, முதலில் வெறும் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். பிசுபிசுப்பு போகவில்லை என்பதை எல்லோரும் தொட்டுப் பார்த்த பிறகு சோப்பைக் கொடுங்கள். ஆரத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பதைப் போலவே, சோப்பின் காரத்தன்மையால் மஞ்சள் சிவக்கும் என்பதால், அது ரத்தம் அன்று என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நகக்கண்ணிலும் கட்டைவிரல் மடிப்பிலும் மஞ்சள் திட்டாகத் தங்கியிருந்தால், அங்கெல்லாம் சரியாகத் தேய்க்கவில்லை என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

பிள்ளைகளுக்கு

பிள்ளைகளே, மண்ணில் விளையாடிய கையிலும், கழிப்பறைக்குச் சென்று வந்த கையிலும், மூக்கைத் துடைத்த கையிலும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை சோற்றோடு வயிற்றுக்குள் போனால் வயிற்றுப்போக்கு வரலாம். சோப்பு நுரை, கையில் உள்ள பசையையும் கிருமிகளையும் பெயர்த்தெடுத்துத் தண்ணீரோடு அனுப்பிவிடும். சாப்பிடுவது வலக்கைதானே என்று இடக்கையை விட்டுவிடாதீர்கள். இரண்டு கைகளும் ஒன்றையொன்று தேய்த்தால்தான் இரண்டும் சுத்தமாகும்.

பாட்டு

நுரையே நுரையே பொங்கிவா
நுனிவிரல் எல்லாம் தங்கிவா
உள்ளங் கையில் உருண்டுவா
புறங்கை மேலே புரண்டுவா
விரலின் இடையில் நுழைந்துவா
கட்டை விரலை வளைந்துவா
நகத்துக் கடியில் தேடிவா
தண்ணீர் வந்ததும் ஓடிப்போ!

நிதானமாக இரண்டு முறை பாடி முடிக்கும் வரை தேய்த்துக்கொண்டே இருந்தால், தேவையான 20 விநாடிகள் நிறைந்துவிடும்.

பட அட்டவணை

படம் 1: நண்பன் குவளையால் தண்ணீர் ஊற்ற, சிறுமி இரு கைகளையும் நனைக்கிறாள்.
படம் 2: அவள் சோப்பைத் தேய்த்து நுரை வரவழைக்கிறாள், பக்கத்தில் குழாய் மூடியிருக்கிறது.
படம் 3: உள்ளங்கைகள் இரண்டும் கும்பிடுவது போலச் சேர்ந்து தேய்கின்றன.
படம் 4: ஒரு உள்ளங்கை மற்றொரு கையின் புறங்கையைத் தேய்க்கிறது, பிறகு கை மாறுகிறது.
படம் 5: விரல்கள் கோத்துக்கொண்டு, இடுக்குகளைத் தேய்க்கின்றன.
படம் 6: ஒரு கை மற்றொரு கையின் கட்டைவிரலைப் பிடித்துச் சுழற்றுகிறது; அடுத்த கட்டைவிரலுக்கும் அவ்வாறே செய்கிறது.
படம் 7: குவித்த விரல்நுனிகள் உள்ளங்கையில் கோலமிடுவது போல வட்டமாகச் சுற்றுகின்றன.
படம் 8: நுரை முழுவதும் போகும்படி சிறுமி கைகளை அலசுகிறாள்.
படம் 9: அவள் கைகளைச் சுத்தமான துண்டில் துடைக்கிறாள், துண்டு இல்லாத நண்பன், சட்டையில் துடைக்காமல், கைகளை உதறிக் காற்றில் உலர்த்துகிறான்.

அட்டவணையைக் குழாயடியில், பிள்ளைகளின் கண் உயரத்தில் ஒட்டுங்கள். இன்று இருவர் இருவராக வந்து, ஒருவர் தண்ணீர் ஊற்ற மற்றவர் பாடிக்கொண்டே கழுவட்டும்; கழுவியவர்கள் ஈரம் உலர்ந்ததும் நேராகத் தட்டின் முன் அமரட்டும்.