ஐஸ்பெட்டி பழுதுபார்ப்பு: பணம் கட்டியும் வேலை முடியவில்லை

சுங்கை சிப்புட்டில் இந்தக் கடைக்காரர்களை வைத்து எங்கள் ஐஸ்பெட்டிக்கு கம்ப்ரஸர் மாற்றினோம். 380 வெள்ளி, மூன்று மாத உத்தரவாதம் என்று ரசீதிலேயே இருக்கிறது. வேலைக்கு வந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார், அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் ஒரு மாதத்துக்குள் மறுபடியும் குளிர் இல்லை. மேல்தட்டில் வைத்த பால் திரிந்துவிடுகிறது. அம்மாவின் இன்சுலின் பக்கத்து வீட்டில் இருக்கிறது. போன் செய்தால் "நாளைக்கு வரோம்" என்கிறார்கள், வருவதில்லை. எஸ்டேட் வீடு தூரம் என்றால் முன்பே சொல்லியிருக்கலாம். ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லவில்லை. கொடுத்த உத்தரவாதத்தைக் காப்பாற்றவில்லை என்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யுங்கள், அல்லது பணத்தைத் திருப்பித் தாருங்கள். இல்லாவிட்டால் ரசீதோடு பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுப்பேன். சரிசெய்துவிட்டால் அதையும் இங்கேயே எழுதுகிறேன்.