துருயிடுகள் ஏன் தங்களைப் பற்றி எழுதவில்லை?

கேள்வி: பண்டைய ஐரோப்பாவின் கெல்டிய மக்களுடைய பூசாரிகளான துருயிடுகளைப் பற்றி ரோமரும் கிரேக்கருமே எழுதியிருக்கிறார்களே, அவர்களுக்கு எழுத்து தெரியாதா?

பதில்: தெரியும். கணக்குவழக்குக்கு, இன்றைய பிரான்சுப் பகுதியான கோல் நாட்டின் கெல்டியர் கிரேக்க எழுத்தைப் பயன்படுத்தினர் என்று ரோமத் தளபதி ஜூலியஸ் சீசரே சொல்கிறார். சமயப் பாடத்தை மட்டும் எழுதக்கூடாது. சிலர் 20 ஆண்டுகள் மனப்பாடம் செய்தார்களாம். பாடம் வெளியே பரவக்கூடாது, ஏட்டை நம்பி நினைவாற்றல் மங்கக்கூடாது என்பவை அவர் ஊகிக்கும் காரணங்கள். ரோமர் ஆட்சியில் துருயிடுகள் ஒடுக்கப்பட்டதும் வாய்வழிப் பாடம் அறுந்தது.

சீசரை அப்படியே நம்பவும் முடியாது. கோல் நாட்டைப் பிடிக்கப் போனவர் அவர். துருயிடுகள் பொன் அரிவாளால் புல்லுருவி வெட்டியதாக ரோம எழுத்தாளர் பிளினி சொல்லும் கதையும் வெளியாள் பார்வைதான். அயர்லாந்துக் கதைகளோ பல நூற்றாண்டுகள் கழித்துக் கிறித்தவத் துறவிகள் எழுதியவை. உள்ளிருந்து கிடைத்ததில் முக்கியமானது, 1897இல் பிரான்சில் கிடைத்த கொலினி வெண்கல நாட்காட்டி. அதிலும் துருயிடு என்ற சொல் இல்லை.