அத்தானுக்கு, முதல் வருஷம்

பத்தமடைப் பாயில்
உங்கள் பெயரும் என் பெயரும்
முகூர்த்தத் தேதியோடு சேர்த்து நெய்து
மாமா கொண்டுவந்து விரித்த அன்று
எனக்கு உங்களைத் தெரியாது.
பெயர்கள் மட்டும் நமக்கு முன்பே
பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டன.

மறுவீட்டுப் பந்தியில்
மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று
ஆளாளுக்குச் சொதியை ஊற்றினார்கள்.
வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல்
இஞ்சிப் பச்சடியைத் தொட்டுத் தொட்டு
அத்தனையையும் சாப்பிட்டீர்கள்.
கை கழுவின ஈரத்தோடு
அடுக்களை வாசலில் வந்து நின்று
"நீ சாப்பிட்டியா புள்ள?" என்றீர்கள்.
சித்திமார் சிரித்தார்கள்.
அம்மா சிரிக்கவில்லை.
"இனி எனக்குக் கவலையில்லை" என்று
ராத்திரி அப்பாவிடம் சொன்னாளாம்.

அம்பாசமுத்திரத்தில்
வாய்க்கால் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவள் நான்.
பாளையங்கோட்டை வீட்டில்
முதல் வாரம் தூக்கமே பிடிக்கவில்லை.
யாரிடமும் சொல்லவும் இல்லை.
ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் எழுப்பி
"குறுக்குத்துறைக்குப் போவமா?" என்றீர்கள்.
ஆற்றுக்குள்ளே நிற்கிற முருகன் கோயில்,
வெள்ளம் வந்தால் முங்கி
வடிந்ததும் எழுந்து நிற்கிற கோயில்.
படியில் உட்கார்ந்து காலை நனைத்தேன்.
பாபநாசத்தில் இறங்கி
எங்கள் ஊர்ப் படித்துறையைத் தொட்டு
எனக்குப் பின்னாலேயே வந்திருந்தது
தாமிரபரணித் தண்ணீர்.
ரொம்ப நேரம் இருந்தோம்.
ஏன் அழுகிறாய் என்று கேட்காமல்
துண்டை மட்டும் எடுத்து நீட்டினீர்கள்.

சாப்பிட்டியா, போவமா, செய்யட்டுமா.
இந்த வருஷம் முழுக்க உங்களைப் பார்த்து
நான் அறிந்துகொண்டது இதைத்தான் அத்தான்,
நீங்கள் கேட்கிறவர்.
சொல்லி முடித்துவிட்டு
தலையாட்டச் சொல்லும் வீடுகளை எனக்குத் தெரியும்.
என் அக்காமார் வாழ்கிற வீடுகள் அவை.
நீங்களோ
என் சம்பளத்தை என்ன செய்யலாம் என்று
என்னிடம்தான் கேட்டீர்கள்.
சுவரில் ஆணி அடிக்கும் முன்னாலும்
எந்த இடம் என்று என்னிடம்தான் கேட்டீர்கள்.
பதில் சொல்லிச் சொல்லித்தான்
எனக்கு இதெல்லாம் பிடிக்கும் என்று
எனக்கே தெரிய வந்தது.

ஐப்பசியில்
காந்திமதி அம்மன் திருக்கல்யாணம்.
கூட்டத்தில் என் தோளைத் தொட்டு
"தெரியுதா?" என்றீர்கள்.
தெரிந்தது.
சண்டையும் போட்டோம், சரி,
அதை இங்கே எழுதப் போவதில்லை.

பங்குனி உத்திரத்துக்கு
எனக்குச் சாஸ்தா மாறினார்.
உங்கள் குடும்பத்துச் சாஸ்தாவுக்குப்
பொங்கல் வைத்துத் திரும்பும்போது
பிறந்ததிலிருந்து கும்பிட்ட சாமியை
மனசுக்குள்ளேதான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.
"உங்க சாஸ்தாவையும் பார்த்துட்டுப் போவமா?"
என்று வண்டியைத் திருப்பினீர்கள்.
அங்கே அப்பா,
திருநீறு எடுத்த கையோடு நம்மைப் பார்த்து
என்ன சொல்வதென்று தெரியாமல்
முதலில் உங்கள் நெற்றியில் பூசினார்.
அந்த ஒரு நாளுக்காகவே
இன்னும் ஏழு பிறப்புக்கு
உங்களுக்குச் சம்மதம் சொல்வேன்.

ஆடிக்குத் தாய்வீடு போனேன்.
சனிக்கிழமை ஆனால்
செங்கோட்டை பாசஞ்சரில் வந்து இறங்கினீர்கள்.
"ஆடியில் மாப்பிள்ளை வரலாமா?" என்று
ஆச்சி முணுமுணுத்தாள்.
"உங்களைத்தான் பார்க்க வந்தேன் ஆச்சி" என்று
அல்வாப் பொட்டலத்தை
அவள் மடியில் வைத்தீர்கள்.
அப்புறம் சனிக்கிழமைதோறும்
வாசலில் காத்திருந்தது அவள்தான்.

இன்று ஆவணி பிறந்து நம் நாளும் வந்துவிட்டது.
இந்த வருஷம் நான் கேட்கிறேன்.

மழை கொட்டினால்
வண்டியை ஓரம் கட்டி நிற்பீர்களா?
ஆபீஸில் மனசு கசங்கின அன்று
தலைவலி என்று சொல்லாமல்
உள்ளதை உள்ளபடி என்னிடம் சொல்வீர்களா?
வருகிற ஆனித் தேரோட்டத்தில்
ரத வீதி ஓரத்தில் நின்று பார்க்காமல்
ரெண்டு பேருமாக வடம் பிடிப்போமா?

இன்னும் ஒன்று.
நீங்களே கேட்டுக்கொண்டிருந்ததால்
என் வாயில் வராமலே போன கேள்வி.
உங்களுக்கு என்ன வேண்டும் அத்தான்?
அம்மாவுக்கு வேண்டியது, தம்பிக்கு வேண்டியது,
வீட்டுக்கு வேண்டியது எல்லாம் எனக்குத் தெரியும்.
உங்களுக்கென்று, உங்களுக்கு மட்டும் என்று,
என்ன வேண்டும்?
ஒன்றும் வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.
இன்றைக்கு அரை நாள் லீவு போட்டிருக்கிறேன்.
மத்தியானமே வந்துவிடுவேன்.
யோசித்து வைத்திருங்கள்.