டயட் சார்ட்டில் மாற்ற வேண்டியவை

வணக்கம் மாஸ்டர். திங்கள் முதல் புது சார்ட் போடுறேன்னு சொன்னீங்க. அதுக்கு முன்னாடி இதைப் பார்த்துடுங்க.

பிடிக்காதது: ஓட்ஸ் (கஞ்சியா குழைஞ்சா தொண்டையில இறங்கல), புரோக்கோலி, பச்சை முளைப்பயறு. முளைப்பயறு காலையில டப்பாவுல போட்டா, இந்த வெயிலுக்கு மதியம் திறக்கும்போது புளிச்சுப்போகுது. அவிச்ச முட்டையும் டப்பாவுக்கு ஆகாது, ஆபீஸ் முழுக்க வாடை. ஆம்லெட்னா தாராளமா சாப்பிடுவேன். கொண்டைக்கடலை பிடிக்கும், ஆனா ஒத்துக்கல, வயிறு உப்பிக்குது. அதை மட்டும் கண்டிப்பா எடுத்துடுங்க.

பட்ஜெட்: ஜூன்ல ஸ்கூல் ஃபீஸ் கட்டணும். அதனால எனக்குன்னு தனியா மாசம் 2,000 ரூபாய்தான். 1 கிலோ வே பவுடர் வாங்கினாலே அது தீர்ந்துடும், இப்போதைக்கு வேண்டாம். சார்ட்ல இருக்கிற 6 வெள்ளைக்கரு நாளைக்கு 42 ரூபாய், 21 கிராம் புரோட்டீன். மஞ்சள் கருவை வீட்ல யாரும் தொடறதில்ல, வீணாப்போகுது. 3 முழு முட்டைன்னா 21 ரூபாய்க்கு 18 கிராம் வந்துடும். 3 கிராம் குறைஞ்சா பரவாயில்லையா?

செவ்வாய், வெள்ளி வீட்ல முட்டை, கறி கிடையாது. அன்னைக்கு 40 கிராம் சோயா (20 கிராம் புரோட்டீன்) போட்டுக்கிறேன். கொதிநீர்ல ஊறவச்சு ரெண்டு தடவை பிழிஞ்சாதான் அந்த வாடை போகுது. ஞாயிறு கோழிக்குழம்புல என் பங்கு எலும்பில்லாம 150 கிராம் எடுத்துப்பேன்.

நேரம்தான் பெரிய சிக்கல். சார்ட்ல ராத்திரி சாப்பாடு 7 மணி. மாமியார் 7.30, பிள்ளைங்க 8, வீட்டுக்காரர் கடையடைச்சு வந்து 9.15. மூணு தடவை தோசைக்கல்லு ஏறுது. நாலாவதா எனக்கு ஏத்த முடியாது. பிள்ளைங்களோட 8 மணிக்கு ரெண்டு தோசையும் கெட்டி சாம்பாரும்னு எழுதுங்க. 9.15-க்கு அவரோட உட்காரும்போது கை தானா தட்டுக்குப் போகும், அதுக்கு ஒரு டம்ளர் மோர் போட்டுடுங்க.

சாம்பாரை நம்பி புரோட்டீன் கணக்கு போடாதீங்க மாஸ்டர். 5 பேருக்கு 150 கிராம் துவரம்பருப்புதான், என் பங்கு 6 கிராம் சொச்சம். அதுவும் அடியில இருந்து அள்ளினாத்தான்.

மத்த நேரம்: ஜிம் 5.45, டிபன் 8 மணி, டப்பா 1.30. சாயங்காலம் 5.30-க்குதான் பசி தாங்காம பஜ்ஜி கடைக்குக் கால் போகுது. அங்க 30 கிராம் வறுத்த நிலக்கடலையும் சர்க்கரை இல்லாத பாலும் போட்டா சரியாகும்னு நினைக்கிறேன்.

மளிகை ஞாயிறு காலையில வாங்குவோம். சனிக்கிழமை ராத்திரிக்குள்ள சார்ட் அனுப்பினா உதவியா இருக்கும்.