வரி விலைப்பட்டியல் எண் 218 – கிருஷ்ணகிரி, பழையபேட்டை – 12.6.2025

காவேரிப்பட்டினம் வாடிக்கையாளருக்கு விற்ற 22 காரட் (916) ஹால்மார்க் சங்கிலி ஒன்றுக்கான கணக்கு இது. கல் இல்லாததால் மொத்த எடையும் நிகர எடையும் ஒன்றே.

தங்கம்: 8.000 கிராமுக்கு, கிராம் ரூ.9,100 வீதம், ரூ.72,800.00.

சேதாரம்: 10 சதவீதமான 0.800 கிராமுக்கு ரூ.7,280.00. இது நகையின் எடையில் அடங்காது என்பதால், பின்னாளில் மாற்ற வரும்போது 8.000 கிராம் மட்டுமே மதிப்பிடப்படும்; இதை விற்பனையின்போதே வாடிக்கையாளரிடம் தெரிவித்துள்ளோம்.

செய்கூலி: ரூ.400.00.

வரிக்குரிய மதிப்பு: ரூ.80,480.00.

மத்திய ஜி.எஸ்.டி. 1.5%: ரூ.1,207.20.

மாநில ஜி.எஸ்.டி. 1.5%: ரூ.1,207.20.

நாற்பது காசு தள்ளுபடி போக, ரூ.82,894 (ரூபாய் எண்பத்திரண்டாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று நான்கு மட்டும்) வங்கி அட்டை மூலம் பெறப்பட்டது.