கயலின் மதிய உணவும் இடைவேளைத் தின்பண்டமும் குறித்து

அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். நான்காம் வகுப்பு 'ஆ' பிரிவில் இந்த வாரம் சேர்ந்திருக்கும் கயலின் அம்மா எழுதுகிறேன். கயலுக்கு டைப் 1 சர்க்கரை நோய் இருப்பது சேர்க்கைப் படிவத்தில் இருக்கிறது. சாப்பாட்டு விஷயத்தைப் படிவத்தில் எழுத இடம் போதவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

இது இனிப்பு அதிகம் சாப்பிட்டு வந்த நோய் இல்லை. அவள் உடம்பில் இன்சுலின் சுரப்பது நின்றுவிட்டது, அதை ஊசியாகப் போட்டுக்கொள்கிறாள். "இவளுக்கு இதைக் கொடுக்கக் கூடாது" என்றுதான் எல்லோரும் பயப்படுவார்கள். எனக்கு உள்ள பயம் வேறு: ஊசி போட்ட பிறகு அவள் சாப்பிடாமல் இருந்துவிடுவாளோ என்பதுதான். உள்ளே போன இன்சுலினைத் திரும்ப எடுக்க முடியாது. சோறு உள்ளே போகாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும்.

மதியம் 12:20க்கு அவளே விரலில் குத்திப் பார்த்துவிட்டு, பேனா ஊசியைப் போட்டுக்கொள்வாள். எத்தனை யூனிட் என்று கணக்குப் போட வேண்டிய வேலை உங்களுக்கு இல்லை. டிபன் டப்பாவின் மூடிக்குள் சீட்டு ஒட்டியிருப்பேன். சீட்டில் இருக்கும் எண்ணைத்தான் ஊசியில் வைத்திருக்கிறாளா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும். 12:30க்கு மணி அடித்ததும் அவள் சாப்பிட உட்கார வேண்டும். நோட்டுத் திருத்த, வரிசையில் நிற்க என்று அந்த நேரத்தில் நிறுத்திவைக்க வேண்டாம். பாதி டப்பாவை மிச்சம் வைத்தால் உடனே எனக்குப் போன் செய்யுங்கள். மீட்டரில் 70க்குக் கீழே காட்டினால் ஊசியைத் தள்ளி வைத்துவிட்டு, முதலில் சர்க்கரையை ஏற்ற வேண்டும்.

காலை 10:30 இடைவேளைத் தின்பண்டம் நீலப் பையில் இருக்கும். தோழிகளோடு மாற்றிச் சாப்பிடுவது குழந்தைகளுக்கு இயல்புதான், ஆனால் இவள் பண்டத்துக்குக் கணக்கு இருக்கிறது. செவ்வாயும் வியாழனும் கடைசிப் பீரியட் விளையாட்டு. அதற்கு முன் மீட்டரில் பார்த்துவிட்டு, பச்சைப் பொட்டலத்தில் இருப்பதைச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். ஓடியாடினால் சர்க்கரை இறங்கும், சில சமயம் விளையாடி முடித்துப் பல மணி நேரம் கழித்தும்.

இறங்குவதை எப்படிக் கண்டுபிடிப்பது? வியர்வை, கை நடுக்கம், முகம் வெளுப்பது எல்லாம் இருக்கும். நான் முதலில் பார்ப்பது அவள் எழுத்தை. குண்டு குண்டாக எழுதுகிறவள். சர்க்கரை இறங்கும்போது எழுத்து கோட்டை விட்டுக் கீழே சரியும். காரணமில்லாமல் எரிந்தும் விழுவாள். போன வருடம் ஒரு நாள் இப்படித்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அடம் என்று நினைத்து அவளை வெளியே நிறுத்திவிட்டார்கள். மீட்டரில் பார்த்தபோது 52.

அப்படித் தோன்றினால் உங்கள் மேசை இழுப்பறையில் வைக்கும் மஞ்சள் டப்பாவை எடுங்கள். 10 கிராம் குளுக்கோஸ் பொடியை நானே எடை போட்டுப் பொட்டலமாக மடித்து வைத்திருப்பேன். அவள் எடைக்கு மருத்துவர் சொன்ன அளவு அது. ஒன்றை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் 70க்குக் கீழே இருந்தால் இன்னொரு பொட்டலம். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பால் சர்க்கரை ஏற நேரமாகும். அந்த நேரத்தில் அவளைத் தனியாக எங்கும் அனுப்பாதீர்கள், கழிவறைக்குக்கூட. மீட்டர் கைக்கு எட்டாவிட்டால் சோதிக்காமலேயே கொடுத்துவிடுங்கள். மயங்கிவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதலில் ஆம்புலன்ஸ், பிறகு நான். என் எண்ணும் அவள் அப்பா எண்ணும் டப்பா மூடியில் இருக்கின்றன.

வகுப்பில் பிறந்தநாள் வந்தால் அவளை மட்டும் விட்டுவிடாதீர்கள். இனிப்பு அவளுக்கு விலக்கில்லை. கையில் கொடுங்கள், வீட்டுக்கு எடுத்து வந்து, சாப்பாட்டோடு கணக்குப் பார்த்துச் சாப்பிடுவாள். மற்றவர்கள் முன்னால் "உனக்குத்தான் ஆகாதே" என்று யாராவது சொன்னால் அன்று இரவு சாப்பாட்டையே ஒதுக்கிவிடுகிறாள்.

பரீட்சை நேரத்திலும் மீட்டர், தண்ணீர், குளுக்கோஸ் மூன்றும் அவள் மேசையில் இருக்க அனுமதியுங்கள். சர்க்கரை ஏறியிருக்கும் நாட்களில் தாகமும் அடிக்கடி சிறுநீரும் வரும். அப்போது கேட்டால் உடனே விடுங்கள்.

நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளில் வகுப்பைப் பார்க்கும் ஆசிரியருக்காக இந்தக் கடிதத்தின் நகல் ஒன்றை வருகைப் பதிவேட்டுக்குள் வைத்துவிட முடியுமா? திங்கட்கிழமை காலை 8:15க்கு மஞ்சள் டப்பாவோடு வருகிறேன். பத்து நிமிடம் கிடைத்தால் மீட்டரையும் காட்டிவிடுகிறேன்.

நன்றியுடன்,
கயலின் அம்மா